தொடக்கப் பள்ளிப் பாடத்துக்கு ஸ்லைடு செய்வது: ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குறுவள மையக் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் மடிக்கணினியைத் திறந்தபடி யாராவது ஒருவர் வந்து நிற்பார். ஊர் மாறும், பள்ளி மாறும், சந்தேகம் அதேதான். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அதிலும் முதல் மூன்று வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிடுங்கள் சார்.

90 புள்ளி. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வகுப்பறைக்கு ஏற்ப நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வகுப்புப் பாடநூலில் 'க' எழுத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை அதை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் படிக்கிறது. கடைசி வரிசைப் பிள்ளை திரையிலிருந்து 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தூரம் 20 மடங்கு. எழுத்தும் 20 மடங்காக, அதாவது 10 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால்தான் பாடநூலைப் பார்ப்பதுபோல் அதற்குத் தெரியும்.

பவர்பாயிண்டின் வழக்கமான அகலத் திரை ஸ்லைடு 540 புள்ளி உயரம் கொண்டது. புரொஜெக்டர் படம் சுவரில் 120 சென்டிமீட்டர் உயரம் விழுந்தால், 10 சென்டிமீட்டர் என்பது 45 புள்ளி. தமிழ் எழுத்தின் உடல், எழுத்துரு அளவில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். ஆகவே 90. தொலைக்காட்சித் திரை என்றால் கணக்கு மாறுகிறது. 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 54 சென்டிமீட்டர். அதில் 90 புள்ளி வைத்தால் எழுத்து 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வரும். 3 மீட்டருக்குள் உட்கார்ந்தால்தான் பாடநூல் அளவுக்குத் தெரியும். பெஞ்சை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தரையில், திரைக்கு அருகே அரைவட்டமாக உட்கார வையுங்கள்.

லிப்ரெஆபிஸ் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் ஸ்லைடின் அளவே வேறு. அங்கே 90 என்பது திரையில் இன்னும் பெரிதாகத் தெரியும். மென்பொருள் எதுவானாலும் எழுத்துரு அளவு ஸ்லைடு உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

2. அந்த அளவில் வைத்தால் ஒரு வரிக்குப் பத்து எழுத்துக்கு மேல் கொள்ளவில்லையே. பாடத்தை எங்கே எழுதுவது?

பாடத்தை ஸ்லைடில் எழுத வேண்டாம். 90 புள்ளியில் ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்து, மூன்று வரி, அவ்வளவுதான் இடம். படமும் வேண்டுமென்றால் ஒரு வரி. வாக்கியமாக இருக்க வேண்டியதை நீங்கள் வாயால் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் முன்னால் நீண்ட வாக்கியத்தைக் காட்டிக்கொண்டே நீங்களும் அதை உரக்கப் படித்தால், அது உங்கள் குரலைக் கேட்பதா எழுத்தைத் துரத்துவதா என்று திணறும், இரண்டும் கைகூடாது.

இடம் போதாதபோது பவர்பாயிண்ட் தானாகவே எழுத்தைச் சுருக்கிவிடும். 90 என்று தொடங்கியது நீங்கள் அறியாமலே 54 ஆகியிருக்கும். பெட்டியின் மேல் வலது சொடுக்கிட்டு `Format Shape` போய், `Text Options` பகுதியில் `Do not Autofit` என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பிறகு எழுத்து பெட்டியை மீறி வழிந்தால், சொல்லைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

3. எந்தத் தமிழ் எழுத்துரு நல்லது? வீட்டில் அழகாகத் தெரிந்தது பள்ளிக் கணினியில் ஏதோ குறிகளாக வருகிறது.

குறிகளாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் தெரியும். யூனிக்கோடில் தட்டுங்கள். எழுத்துரு `Noto Sans Tamil` ஆக இருக்கட்டும். இலவசம், ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது, கோடுகளின் தடிமன் சீராக இருக்கும். விண்டோஸில் இருக்கும் `Nirmala UI`யும் நல்லதுதான். சேமிக்கும்போது `File > Options > Save` சென்று `Embed fonts in the file` என்பதைக் குறியிட்டால் எழுத்துரு கோப்போடு சேர்ந்து போகும்.

அழகைவிட முக்கியமானது, பிள்ளை வேறுபடுத்த வேண்டிய சிறு அடையாளங்கள் தெரிகின்றனவா என்பது. தமிழில் ஒரு புள்ளி இருந்தால் க், இல்லாவிட்டால் க. கொடிக்கும் கோடிக்கும் நடுவே கொம்பின் மேல்சுழி ஒன்றுதான் வேறுபாடு. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துருக்கள் உண்டு. அவற்றைச் சிறு வகுப்புக்குத் தொடவே வேண்டாம். ஒரு சோதனை ஸ்லைடு செய்துகொள்ளுங்கள்: கல், கல, கொடி, கோடி, எடு, ஏடு, மரம், மாரி. பாடநூலைத் தடையின்றிப் படிக்கும் ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அது கோடியைக் கொடி என்று படித்தால் எழுத்துருவையோ அளவையோ மாற்ற வேண்டும்.

தடித்த எழுத்து வேண்டாம். ண, ணை, ழ போன்றவற்றின் உட்சுழிகள் அடைபட்டுவிடும். அடிக்கோடு அறவே வேண்டாம். கு, மு, ழு, டு எல்லாவற்றின் கீழ்ப்பகுதியையும் அது வெட்டும். வரி இடைவெளி குறைந்தது 1.2 இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் 'கு' கீழ்வரியின் 'கி'யோடு மோதும்.

4. 'ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து' என்கிறார்கள். ஒரு கருத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் சொல்வதில்லையே.

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். 'செடியின் பாகங்கள்' ஒரு கருத்து என்று நாம் நினைக்கிறோம். பெரியவர்களுக்கு அது ஒன்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேர், தண்டு, இலை, பூ, காய் என்று ஐந்து. ஆகவே தலைப்பை வைத்துக் கருத்தை எண்ணாதீர்கள். இந்த ஸ்லைடைப் பார்க்கும் பிள்ளை புதிதாகக் கவனிக்க வேண்டியது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிலில் 'உம்' இரண்டு முறை வந்தால் ஸ்லைடு இரண்டாகப் பிரிய வேண்டும். 'வேரையும் தண்டையும்' என்றால் இரண்டு ஸ்லைடு.

இன்னொரு அடையாளம், உங்கள் கை. ஸ்லைடைக் காட்டிக்கொண்டு நீங்கள் திரையில் ஓர் இடத்தைத் தொட்டுவிட்டு இன்னோர் இடத்துக்குக் கையை நகர்த்துகிறீர்கள் என்றால், கை நகர்ந்த இடத்தில் அடுத்த ஸ்லைடு தொடங்கியிருக்க வேண்டும்.

ஒப்பிட்டுக் காட்டுவது மட்டும் விலக்கு. ஆணிவேரையும் சல்லிவேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும். அங்கே இரண்டு படம் இருந்தாலும் கவனிக்க வேண்டியது ஒன்றே: வேறுபாடு.

5. பேச்சாகச் சொன்னால் பிடிபடவில்லை. ஒரு பாடத்தை ஸ்லைடு ஸ்லைடாகப் பிரித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 27 + 15, இனமாற்றிக் கூட்டல். வழக்கமாக ஒரே ஸ்லைடில் 27, அதன் கீழ் 15, கோடு, விடை 42, மேலே சிறிய 1, பக்கத்தில் சிரிக்கும் பொம்மை என்று முடிந்துவிடும். அந்தச் சிறிய 1 எங்கிருந்து வந்தது என்பதுதான் பாடமே. அது அந்த ஸ்லைடில் இல்லை.

முதலில் பொருள். நம் பக்கத்தில் எண்ணுவதற்குப் புளியங்கொட்டை எளிதாகக் கிடைக்கும். ஆனால் இந்தப் பாடத்துக்கு ஈர்க்குச்சியே நல்லது. பத்துக் குச்சியை ரப்பர் வளையத்தால் கட்டினால் அது ஒரு கட்டு. உள்ளே பத்து இருப்பது கண்ணுக்கும் தெரிகிறது, வேண்டுமானால் அவிழ்க்கவும் முடிகிறது. குச்சிகளை வெள்ளைத் துணியில் அடுக்கிக் கைப்பேசியில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். கட்டுகள் எப்போதும் இடப்பக்கம், உதிரிக் குச்சிகள் எப்போதும் வலப்பக்கம். பின்னால் எழுதப்போகும் பத்துகள், ஒன்றுகள் நிரல்களும் அதே பக்கங்களில்தான் வரும்.

முதல் ஸ்லைடில் இரண்டு கட்டும் ஏழு உதிரியும் மட்டும். எண் இல்லை, எழுத்து இல்லை. எத்தனை என்று கேளுங்கள். சொன்ன பிறகு இரண்டாவது ஸ்லைடு: அதே படம், பக்கத்தில் 27. மூன்றாவதில், மேலே இருந்தது அப்படியே இருக்க, கீழே ஒரு கட்டும் ஐந்து உதிரியும் வருகின்றன, பக்கத்தில் 15. நான்காவதில் கட்டுகள் மங்கிவிடுகின்றன. உதிரிகள் மட்டும் பளிச்சென்று, ஏழும் ஐந்தும் சேர்ந்து பன்னிரண்டாகக் கிடக்கின்றன. ஐந்தாவதில் அந்தப் பன்னிரண்டில் பத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஆறாவதில் வட்டத்துக்குள் இருந்தவை ஒரு கட்டாகிவிட்டன. இரண்டு குச்சி மிச்சம்.

ஆறாவது ஸ்லைடில் நில்லுங்கள். "இப்போது மொத்தக் குச்சி கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் குறைந்துவிட்டது என்பார்கள். சிலர் முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவார்கள். அவர்கள் இன்னும் கட்டைப் பத்தாகப் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஏழாவது ஸ்லைடு இன்று வேண்டாம். கையில் குச்சியைக் கொடுத்துக் கட்டவும் அவிழ்க்கவும் விடுங்கள்.

ஏழாவதில் புதிய கட்டு இடப்பக்கம் போய் மற்றக் கட்டுகளோடு சேர்கிறது: நான்கு கட்டு, இரண்டு குச்சி. எட்டாவதில் அதன் பக்கத்தில் 42. கணக்கு முடிந்துவிட்டது, ஆனால் எழுதும் முறை இன்னும் வரவில்லை. ஒன்பதாவதில்தான் 27, கீழே 15, ஒரு கோடு. படம் எதுவும் இல்லை. பத்தாவதில் ஒன்றுகளின் கீழ் 2, பத்துகளின் தலைமேல் சிறிய 1. அந்த 1-இன் பக்கத்தில் ஆறாவது ஸ்லைடில் பார்த்த அதே கட்டின் படம், சிறியதாக. பதினொன்றாவதில் 4. பன்னிரண்டாவதில் புதுக் கணக்கு, 38 + 14, விடை இல்லாமல்.

விடையை 312 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். 7-ம் 5-ம் 12, 2-ம் 1-ம் 3, இரண்டையும் ஒட்டி எழுதிவிட்டது. அதைத் திட்டுவதிலோ மீண்டும் விதியைச் சொல்வதிலோ பயனில்லை. ஐந்தாவது ஸ்லைடுக்குத் திரும்பிப் போங்கள். தனி ஸ்லைடாக அது இருப்பதால்தான் திரும்பிப் போக முடிகிறது.

6. இதை ஒரே ஸ்லைடில் அனிமேஷனாகச் செய்தால் வேலை மிச்சமில்லையா?

செய்வதற்கு மிச்சம்தான், நடத்துவதற்கு இல்லை. அனிமேஷன் உள்ள கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் வரிசை கலைகிறது, பி.டி.எஃப் ஆக்கினால் எல்லாப் படிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் விழுகின்றன. தனித்தனி ஸ்லைடு எங்கும் உடையாது.

ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்யவும் வேண்டாம். இடப்பக்கப் பட்டியில் ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்தினால் நகல் வரும். அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாறாதவை அதே இடத்தில் அசையாமல் நிற்பதால் மாறிய ஒன்று பிள்ளையின் கண்ணில் தானாகப் படும். நகல் எடுக்காமல் புதிய ஸ்லைடில் மறுபடி அடுக்கினால் எல்லாமே கொஞ்சம் நகர்ந்திருக்கும்; எது மாறியது என்று பிள்ளைக்குத் தெரியாது. எழுத்து சுழன்று வருவது, துள்ளி வருவது, ஒலியோடு வருவது எல்லாவற்றையும் விலக்குங்கள். சுழலும் எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

7. படங்களுக்கு இணையத்தில் தேடினால் வெளிநாட்டுப் பண்ணையும் ஆப்பிள் மரமும்தான் வருகின்றன. என்ன செய்வது?

உங்கள் கைப்பேசிதான் பதில். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்குத் தக்காளிச் செடி, கிருஷ்ணகிரியைச் சுற்றி மாந்தோப்பு, எங்கு பார்த்தாலும் கேழ்வரகு. பிள்ளை காலையில் கடந்து வந்த செடியையே திரையில் காட்டலாம். தக்காளியை வேரோடு பிடுங்கி மண்ணைக் கழுவி, ஒரே நிறத் துணியில் கிடத்தி, காலை வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் எடுத்தால் வேரின் மயிரிழை வரை தெரியும். பின்னணியில் வேலி, பைக், ஆட்கள் இருந்தால் பிள்ளைகள் அவற்றைத்தான் பேசுவார்கள். இணையத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் பயன்படுத்தும் நிபந்தனை எழுதியிருக்கும். வகுப்புப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஸ்லைடில் சேர்க்க வேண்டாம். கோப்பு கைமாறி எங்கெங்கோ போகும்.

கைப்பேசிப் படம் ஒவ்வொன்றும் பல மெகாபைட் இருக்கும். பத்துப் படம் சேர்ந்தால் பழைய மடிக்கணினி ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நின்று நின்று வரும். `Picture Format > Compress Pictures` சென்று 150 ppi தேர்ந்தெடுங்கள். திரையில் வேறுபாடு தெரியாது.

அலங்காரப் படம் வேண்டவே வேண்டாம். மூலையில் பட்டாம்பூச்சி, கீழே பூ வரிசை, தலைப்பில் கார்ட்டூன் என்று வைத்தால் அதுவும் ஒரு கருத்தாகிவிடுகிறது. நான்காவது பதிலில் சொன்ன கணக்கில் ஒன்று கூடிவிடும். பாடத்துக்குத் தொடர்பில்லாத சொல், படம், ஒலி ஆகியவற்றை நீக்கினால் கற்றல் கூடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். அவர் பெரும்பாலும் சோதித்தது கல்லூரி மாணவர்களை. கவனம் இன்னும் எளிதில் சிதறும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கூடுதலாகவே பொருந்தும் என்பது என் கருத்து.

8. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து கண்ணுக்கு நல்லது என்கிறார்களே?

நன்றாக இருட்டிய அறையில் சரி. நம் வகுப்பறைகளில் சன்னலுக்குத் திரை இருப்பது அரிது. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது; கறுப்பு என்பது அது ஒளி வீசாமல் விட்ட சுவர். பகல் வெளிச்சம் அந்தச் சுவரில் விழும்போது கறுப்பு சாம்பலாகி, எழுத்தோடு கலங்கிவிடும். வெள்ளை அல்லது மிக இளம் மஞ்சள் பின்னணி, கருநீலம் அல்லது கறுப்பு எழுத்து. தொலைக்காட்சியிலும் இதுவே நல்லது; இருண்ட பின்னணியில் எதிர்ச் சன்னல் அப்படியே பிரதிபலிக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து வேறுபாடு காட்டாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், இருக்கிறார்கள். நிறத்தோடு வடிவமோ இடமோ சேர்ந்து மாறட்டும்.

9. தமிழ் வாசிப்புக்கு ஸ்லைடு செய்தால் பிள்ளைகள் சொல்லைப் படிக்காமல் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

'மரம்' என்ற சொல்லும் மரத்தின் படமும் ஒன்றாக வந்தால் எந்தப் பிள்ளையும் படத்தைத்தான் பார்க்கும். நீங்களும் நன்றாகப் படிக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். சொல்லை மட்டும் ஒரு ஸ்லைடில் வையுங்கள். படித்த பிறகு அடுத்த ஸ்லைடில் அதே சொல், அதே இடத்தில், கூடவே படம். அப்போது படம் விடை சரிபார்க்கும் வேலையைச் செய்கிறது. உண்மையிலேயே படிக்கிறதா என்று பார்க்க, நெருங்கிய சொல் ஒன்றை இடையில் நுழையுங்கள்: பல், பால், பல. மூன்றும் சரியாக வந்தால் எழுத்தைப் பார்க்கிறது.

வாக்கியம் வரும்போது வரியைப் பொருள் பார்த்து முறியுங்கள். 'மாடு' ஒரு வரி, 'புல் தின்றது' அடுத்த வரி. சொல்லின் நடுவே வரி முறிந்தால் சிறு பிள்ளை அதை இரண்டு சொல்லாகப் படிக்கும். இடம் போதவில்லையென்றால் வேறு சொல்லைத் தேடுங்கள்.

10. ஓசூர், தளிப் பக்கம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். அவர்களுக்கும் சொல்தான் முதலில் வர வேண்டுமா?

அவர்களுக்கு வரிசை மாறுகிறது. சொல்லின் பொருளே தெரியாத பிள்ளை எழுத்துக்கூட்டி ஒலித்தாலும் அது வெறும் ஒலி. முதல் ஸ்லைடில் படம் மட்டும் காட்டி வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு தமிழ்ச் சொல்லை வாயால் சொல்லிக் கொடுங்கள். எல்லாப் படங்களும் முடிந்து, சொற்கள் வாயில் பழகிய பிறகுதான் ஒன்பதாவது பதிலில் சொன்ன வரிசைக்கு வர வேண்டும்: சொல் தனியாக, பிறகு படத்தோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி இருந்தாலும் நல்லதே.

11. 'கா' என்பதில் துணைக்காலை மட்டும் சிவப்பாக்க முயன்றால் முழு எழுத்தும் சிவப்பாகிறது, இல்லையென்றால் புள்ளி வட்டம் ஒன்று வருகிறது. வழி உண்டா?

கணினிக்குத் துணைக்கால் தனியாக நிற்கும் எழுத்து இல்லை. மெய்யோடு சேர்ந்தே அது உருவாகிறது. தனியாகத் தட்டினால் அந்தப் புள்ளி வட்டத்தோடுதான் வரும். எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டால் பிரிக்கலாம். பவர்பாயிண்டில் 'கா' என்று பெரிதாகத் தட்டுங்கள். அதை முழுதும் மூடும்படி ஒரு செவ்வகம் வரையுங்கள். முதலில் எழுத்தையும் பிறகு `Shift` அழுத்தியபடி செவ்வகத்தையும் தேர்ந்தெடுத்து `Shape Format > Merge Shapes > Fragment` கொடுங்கள். செவ்வகத்தின் மிச்சத்தை நீக்கினால் க தனி வடிவமாகவும் துணைக்கால் தனி வடிவமாகவும் நிற்கும். வேண்டியதற்கு நிறம் கொடுங்கள்.

கா, கெ, கே, கை போன்று குறி விலகி நிற்பவற்றுக்கு இது பலிக்கும். கி, கீ, கு, கூ போன்றவற்றில் குறி எழுத்தோடு ஒட்டியிருப்பதால் பிரியாது. அங்கே குறியைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டம் போட்டால் போதும்.

12. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்பும் ஒரே அறையில். யாருக்காக ஸ்லைடு செய்வது?

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்திப் பழகியிருப்பீர்கள். ஸ்லைடையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திரையை மூன்று பாகமாக்கினால் எழுத்து சிறுத்துவிடும், முதல் பதிலில் போட்ட கணக்கு முழுதும் வீணாகும். படம் ஒன்றாகவே இருக்கட்டும், கேள்வி மூன்றாகட்டும். ஐந்தாவது பதிலில் உள்ள முதல் ஸ்லைடையே எடுத்துக்கொள்ளுங்கள். அரும்புப் பிள்ளை உதிரிக் குச்சியை எண்ணும். மொட்டு அதை 27 என்று எழுதும். மலர் அதனோடு இன்னும் எத்தனை சேர்த்தால் 30 ஆகும் என்று சொல்லும். படத்தில் சொல் குறைவாக இருப்பதால்தான் இது முடிகிறது.

13. பார்வையிட வருபவர்கள் ஸ்லைடைப் பார்த்து 'ஒன்றுமே எழுதவில்லையே' என்று கேட்டால்?

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே `Notes` பகுதி இருக்கிறது. கற்றல் விளைவு, நீங்கள் கேட்கப்போகும் கேள்வி, பிள்ளைகள் தவறும் இடம் எல்லாவற்றையும் அங்கே முழு வாக்கியமாக எழுதுங்கள். `Notes Pages` அமைப்பில் அச்சிட்டால் மேலே ஸ்லைடும் கீழே குறிப்பும் ஒரே தாளில் வரும். அதைக் காட்டுங்கள். விடுப்பில் போகும் நாளில் அடுத்த ஆசிரியருக்கும் அந்தத் தாள்தான் உதவும்.

14. பிள்ளைகள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நோட்டைப் பார்க்கச் சொன்னால் பார்ப்பதில்லை.

ஸ்லைடு ஓடும்போது `B` விசையை அழுத்துங்கள், திரை கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் திரும்பும். பவர்பாயிண்டிலும் லிப்ரெஆபிஸிலும் இது வேலை செய்யும். குச்சியைக் கட்டும் நேரத்திலும் நோட்டில் எழுதும் நேரத்திலும் திரை கறுப்பாகவே இருக்கட்டும்.

ஒரு பாடவேளையில் பன்னிரண்டு ஸ்லைடையும் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். முதல் எட்டு இன்று, எழுதும் முறை நாளை என்று பிரித்தால் சரியாக இருக்கும். நாளைக்குத் தொடங்கும்போது எட்டாவது ஸ்லைடைக் காட்டி, 42 எப்படி வந்தது என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள். அவர்களால் சொல்ல முடியாவிட்டால் ஒன்பதாவதற்குப் போகாதீர்கள்.

15. சித்தேரி, அஞ்செட்டி மலைப் பக்கம் மின்சாரத்தை நம்பிப் பாடம் வைக்க முடியாது. அப்போது செய்ததெல்லாம் வீணா?

ஸ்லைடுக்கு ஒரு கருத்து என்று செய்திருந்தால் வீணாகாது. பி.டி.எஃப் ஆக்கி, பக்கத்துக்கு ஒன்றாக ஏ4 தாளில் கிடைமட்டமாக அச்சிடுங்கள். ஆறில் ஒரு பங்கு உயரம் என்ற அளவில் எழுதியிருந்தால் தாளில் எழுத்தின் உடல் ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டி வரும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தால் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து தடையில்லாமல் படிக்கலாம். வெள்ளைப் பின்னணி என்பதால் மையும் குறைவாகவே செலவாகும்.

அட்டையில் ஒட்டிய பிறகு திரையில் முடியாத ஒன்றையும் செய்யலாம். ஐந்தாவது பதிலின் மூன்றாம் ஸ்லைடு முதல் எட்டாம் ஸ்லைடு வரை ஆறு அட்டைகளையும் கலைத்துப் போட்டு, வரிசைப்படி அடுக்கச் சொல்லுங்கள். வட்டம் போட்ட அட்டைக்கு முன்னால் கட்டு வந்த அட்டையை வைக்கும் பிள்ளையிடம் போய் உட்காருங்கள். அதற்கு எந்தப் படி தவறியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.